கல்யாண கேசட்டைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் எடுப்பது

பழைய வி.எச்.எஸ். கல்யாண கேசட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றினால் கையில் கிடைப்பது மூன்று மணி நேரம் ஓடும் ஒரே வீடியோ கோப்பு. அதில் மாலை மாற்றும் இடம் எங்கே, தாலி கட்டும் இடம் எங்கே, இறந்துபோன பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து வினாடி எங்கே என்று தேட, ஒவ்வொரு முறையும் நேரக் கோட்டை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கோப்பைக் காட்சி மாறும் இடங்களில் தனித்தனி க்ளிப்பாக வெட்டி, ஒவ்வொரு க்ளிப்புக்கும் அடையாளமாக ஒரு படத்தையும் எடுத்து வைத்தால் தேடும் வேலை போய்விடும். படங்கள் உள்ள ஃபோல்டரைப் பார்த்தாலே எது எங்கே என்று தெரியும்.

இதற்கு PySceneDetect என்ற இலவச மென்பொருளையும், வெட்டும் வேலையைச் செய்யும் ffmpeg மென்பொருளையும் பயன்படுத்தப் போகிறோம். கல்யாண கேசட்டை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற வீடியோக்களில் எப்போதாவது வரும் சிக்கல்கள் எல்லாம் இதில் ஒன்றாக வரும்: போட்டோகிராபரின் பிளாஷ், வேகமாகத் திரும்பும் கேமரா, ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாக மாறும் மிக்ஸிங். இதைச் சமாளிக்கத் தெரிந்தால் பள்ளி ஆண்டு விழா, கோயில் திருவிழா ரெக்கார்டிங் எல்லாம் சுலபம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டுபிடிப்பதையும் வெட்டுவதையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதலில் வெட்ட வேண்டிய இடங்களின் பட்டியலை மட்டும் எடுங்கள். அதைக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். அதன் பிறகு வெட்டுங்கள். பட்டியலில் ஒரு வரியை அழிக்க ஒரு நொடி போதும். வெட்டிய பிறகு நூறு க்ளிப்புகளில் தவறானவற்றைத் தேடி ஒட்டுவது பெரும்பாடு.

நிறுவுதல்

கம்ப்யூட்டரில் பைத்தான் இருக்க வேண்டும். கமாண்ட் விண்டோவைத் திறந்து முதல் வரியை ஓட்டுங்கள். பிறகு மற்ற இரண்டும் பதில் தருகின்றனவா என்று பாருங்கள்.

```
python -m pip install "scenedetect[opencv]"
scenedetect version
ffmpeg -version
```

மூன்றாவது வரிக்கு அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தால், ffmpeg இல்லை அல்லது அது இருக்கும் ஃபோல்டர் கம்ப்யூட்டரின் PATH பட்டியலில் சேரவில்லை என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே போனால் காட்சிகளைக் கண்டுபிடிக்கும் வேலை நடக்கும், வெட்டும் வேலை நடக்காது.

கோப்புப் பெயர்களை இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்வது நல்லது. இங்கே கேசட்டிலிருந்து வந்த கோப்பை `tape.mp4` என்றும், சுத்தப்படுத்தியதை `kalyanam.mp4` என்றும் வைத்துக்கொள்வோம்.

முதலில் கோப்பைச் சுத்தப்படுத்துங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் ஊர் கேசட்டுகள் PAL என்ற முறையில் பதிவானவை. வினாடிக்கு 25 ஃபிரேம், அதாவது 25 அசையாப் படங்கள். ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதிகளைக் கோத்து வந்தது. இதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். கை வேகமாக அசையும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். கையின் ஓரம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தால் கோப்பு இன்னும் இன்டர்லேஸ்தான். இப்படிப்பட்ட கோப்பில் காட்சி மாறும் இடத்தில் ஒரு ஃபிரேமின் ஒரு பாதி பழைய காட்சியாகவும் மறுபாதி புதிய காட்சியாகவும் இருக்கலாம். எங்கே வெட்டினாலும் ஒரு பக்கம் பேய் மாதிரி நிழல் ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாவது பிரச்சினை, ஃபிரேம்கள் சீரான இடைவெளியில் இல்லாமல் இருப்பது. சில கன்வெர்ட்டர் கருவிகளும், பெரும்பாலான செல்போன்களும் இப்படித்தான் பதிவு செய்கின்றன. அப்போது ஃபிரேம் எண்ணை வைத்து நேரத்தைக் கணக்கிட்டால் சிறிது சிறிதாக விலகி, கடைசி மணி நேரத்தில் வெட்டு தவறான இடத்தில் விழும். இரண்டையும் ஒரே வரியில் சரிசெய்யலாம்:

```
ffmpeg -i tape.mp4 -vf yadif -r 25 -c:v libx264 -crf 18 -c:a aac kalyanam.mp4
```

`yadif` இன்டர்லேஸை நீக்குகிறது. `-r 25` ஃபிரேம்களைச் சீராக்குகிறது. `-crf 18` என்பது தரம். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். கேசட்டின் தரத்துக்கு 18 தாராளம். செல்போன் வீடியோவாக இருந்தால் `-vf yadif` தேவையில்லை, அதை எடுத்துவிட்டு, 25-க்குப் பதில் அந்த வீடியோவின் சொந்த வேகத்தை, பெரும்பாலும் 30, போடுங்கள். இனி எல்லா வேலையும் `kalyanam.mp4` கோப்பின் மேல்தான். மூலக் கோப்பைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஐந்து நிமிடத்தில் ஒரு சோதனை

மூன்று மணி நேரத்தையும் உடனே ஓட்ட வேண்டாம். நெரிசலான ஐந்து நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். முகூர்த்த நேரம்தான் சரியான இடம். பிளாஷ், அட்சதை, ஆட்கள் குறுக்கே போவது என எல்லாம் அங்கே இருக்கும். நம் உதாரணத்தில் அது 40-வது நிமிடத்தில் தொடங்குகிறது.

```
scenedetect -i kalyanam.mp4 -o sodhanai -s stats.csv time -s 00:40:00 -d 00:05:00 detect-adaptive list-scenes save-images -n 1
```

இதை இடமிருந்து வலமாகப் படியுங்கள். இந்தக் கோப்பை எடு, முடிவுகளை `sodhanai` ஃபோல்டரில் போடு, ஒவ்வொரு ஃபிரேமின் மதிப்பெண்ணையும் `stats.csv` கோப்பில் எழுது, 40-வது நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் மட்டும் பார், காட்சி மாற்றத்தைக் கண்டுபிடி, பட்டியல் கொடு, ஒவ்வொரு துண்டின் நடுவிலிருந்தும் ஒரு படம் எடு. இதில் `split-video` இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்னும் எதையும் வெட்டவில்லை.

ஓடி முடிந்ததும் ஃபோல்டரைத் திறந்து படங்களைப் பெரிய அளவில் வரிசையாகப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு மூன்று படங்கள் ஒரே மணமேடை, ஒரே கோணம், ஒரே ஆட்கள் என்று இருந்தால் அங்கே தேவையில்லாத வெட்டு விழுந்திருக்கிறது. கல்யாண கேசட்டில் இதற்குக் காரணம் பெரும்பாலும் பிளாஷ்தான்.

பிளாஷ் ஏன் ஏமாற்றுகிறது, எப்படித் தடுப்பது

மென்பொருள் செய்வது எளிமையான காரியம். ஒரு ஃபிரேமை முந்தைய ஃபிரேமோடு ஒப்பிட்டு நிறம், நிறத்தின் அடர்த்தி, வெளிச்சம் மூன்றும் சராசரியாக எவ்வளவு மாறியிருக்கின்றன என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. `stats.csv` கோப்பில் `content_val` என்ற பத்தியில் இருப்பது அதுதான். `detect-content` என்ற முறை இந்த எண் 27-ஐத் தொட்டாலே வெட்டு என்று முடிவுசெய்துவிடும். கேமராமேன் மணமேடையிலிருந்து கூட்டத்தின் பக்கம் சட்டென்று திரும்பினால்கூட எண் ஏறி, வெட்டுகள் விழுந்துகொண்டே இருக்கும்.

நாம் பயன்படுத்திய `detect-adaptive` கொஞ்சம் நிதானமானது. ஒரு ஃபிரேமின் மதிப்பெண்ணை, அதற்கு முன்னுள்ள இரண்டு, பின்னுள்ள இரண்டு ஆக நான்கு ஃபிரேம்களின் சராசரியோடு ஒப்பிடும். சராசரியைப் போல மூன்று மடங்கு இருந்தால்தான் வெட்டு. மதிப்பெண் குறைந்தது 15 ஆகவும் இருக்க வேண்டும். கேமரா திரும்பும்போது பக்கத்து ஃபிரேம்களிலும் மதிப்பெண் ஏறியிருக்கும், அதனால் மடங்கு எழும்பாது, வெட்டும் விழாது.

இப்போது ஒரு கணக்கு. உண்மையான காட்சி மாற்றத்தில் ஒரு ஃபிரேமில் மட்டும் மதிப்பெண் 45, சுற்றியுள்ள நான்கிலும் 5 என்று வைத்துக்கொள்வோம். 45-ஐ 5-ஆல் வகுத்தால் 9 மடங்கு. சந்தேகமே இல்லை.

பிளாஷ் அடிக்கும்போது இரண்டு ஃபிரேம்களில் மதிப்பெண் எகிறும். வெளிச்சம் வரும்போது ஒருமுறை, அது போகும்போது இன்னொருமுறை. இரண்டிலும் 60, சுற்றியுள்ளவற்றில் 4 என்று வையுங்கள். முதல் 60-க்குப் பக்கத்தில் உள்ள நான்கு: 4, 4, 60, 4. சராசரி 18. 60-ஐ 18-ஆல் வகுத்தால் 3.3. வரம்பு 3 என்பதால் இது வெட்டாகப் பதிவாகிவிடும்.

ஆனால் இதிலேயே விடையும் இருக்கிறது. எகிறும் இரண்டு எண்களும் சமமாக இருக்கும்வரை, பிளாஷ் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் மடங்கு 4-ஐத் தொடவே தொடாது. ஏனென்றால் எகிறிய பக்கத்து ஃபிரேம் ஒன்றே சராசரியை அந்த எண்ணின் கால் பங்குக்காவது ஏற்றிவிடுகிறது. எனவே வரம்பை 3-லிருந்து 4-க்கு ஏற்றினால் பிளாஷில் விழும் போலி வெட்டுகளில் பெரும்பகுதி மறையும். 9 மடங்கு இருக்கும் உண்மையான வெட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது.

எல்லா பிளாஷும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. வெளிச்சம் வரும்போது 60, போகும்போது 40 என்று சமமில்லாமல் இருந்தால் மடங்கு 4.6 வரை போகும். அதற்காக வரம்பை 6, 7 என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். ஒரே மணமேடையைச் சற்றே வேறு கோணத்தில் எடுத்த உண்மையான வெட்டுகள் காணாமல் போகத் தொடங்கும். என் பழக்கம், வரம்பைக் கொஞ்சம் தாழ்வாகவே வைத்துவிட்டு மிச்சத்தைக் கையால் நீக்குவது. கூடுதலாக விழுந்த வெட்டு படங்களைப் பார்க்கும்போது கண்ணில் படும், விடுபட்ட வெட்டு படாது.

முழுக் கோப்பையும் ஓட்டி, பட்டியலைத் திருத்துதல்

```
scenedetect -i kalyanam.mp4 -o muzhu detect-adaptive -t 4 list-scenes save-images -n 1
```

`-t 4` என்பது மேலே சொன்ன வரம்பு. `muzhu` ஃபோல்டரில் `kalyanam-Scenes.csv` என்ற பட்டியலும், `kalyanam-Scene-001-01.jpg` என்று தொடங்கி வரிசையாகப் படங்களும் இருக்கும். படத்தின் நடு எண்ணும் பட்டியலில் `Scene Number` பத்தியில் உள்ள எண்ணும் ஒன்றே.

பட்டியலை `thiruthiya.csv` என்று வேறொரு பெயரில், நீங்கள் கட்டளை ஓட்டும் ஃபோல்டரிலேயே நகல் எடுத்து, நோட்பேடில் திறவுங்கள். எக்செல் வேண்டாம், நேர எண்களைத் தன் விருப்பத்துக்கு மாற்றி எழுதும். ஒரு பகுதி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```
40,62751,00:41:50.000,2510.000,63115,00:42:04.600,2524.600,365,00:00:14.600,14.600
41,63116,00:42:04.600,2524.600,63146,00:42:05.840,2525.840,31,00:00:01.240,1.240
42,63147,00:42:05.840,2525.840,63666,00:42:26.640,2546.640,520,00:00:20.800,20.800
```

இரண்டாவது எண் `Start Frame`, அதாவது துண்டு தொடங்கும் ஃபிரேம். கடைசி எண் துண்டின் நீளம், வினாடியில். 41-வது துண்டு ஒன்றேகால் வினாடிகூட இல்லை. 40, 41, 42 மூன்று படங்களையும் பார்த்தால் மூன்றிலும் அதே தாம்பூலத் தட்டு, அதே அத்தை. அந்த இடத்தை வீடியோவில் ஓட்டினால் இரண்டு பிளாஷ் அடுத்தடுத்து அடிப்பது தெரியும். 41, 42 ஆகிய இரண்டு வரிகளையும் அழித்துவிடுங்கள். அவ்வளவுதான். மென்பொருள் அடுத்து இந்தப் பட்டியலைப் படிக்கும்போது `Start Frame` எண்ணை மட்டுமே பார்க்கும், ஒரு துண்டு அடுத்த வரியின் தொடக்கம்வரை நீளும். ஆக 40-வது துண்டு 62751-ல் தொடங்கி 63666-ல் முடியும். வரிசை எண்களில் இடைவெளி விழுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். தலைப்பு வரியையும், 1-ல் தொடங்கும் முதல் துண்டின் வரியையும் மட்டும் அழிக்கக் கூடாது.

இதே வழியில் இன்னொரு நல்ல காரியமும் செய்யலாம். மென்பொருளுக்குத் தெரிவது கேமரா எங்கே மாறியது என்பது மட்டும்தான். நலங்கு, ஊஞ்சல், மாலை மாற்றுதல், தாலி கட்டுதல் என்ற பிரிவெல்லாம் அதற்குத் தெரியாது. மாலை மாற்றுதலை மட்டும் எட்டுத் துண்டாகக் கொடுத்திருக்கும். முதல் துண்டின் வரியை வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் அழித்தால் மாலை மாற்றுதல் முழுவதும் ஒரே க்ளிப்பாக வரும். வீட்டில் எல்லோரும் பார்ப்பதற்கு இந்தப் பிரிவுதான் வசதி. நாதஸ்வரமும் மந்திரமும் நடுவில் அறுபடாமல் இருப்பது இன்னொரு லாபம்.

அடுத்து, விடுபட்ட வெட்டுகள். அந்தக் காலத்து வீடியோ மிக்ஸிங்கில் ஒரு காட்சி மெல்லக் கரைந்து அடுத்தது வரும், அல்லது இதய வடிவம் விரிந்து புதிய காட்சி தெரியும். இந்த மாற்றம் ஒரு வினாடிக்கு மேல் பரவியிருக்கும். இருபத்தைந்து ஃபிரேம்களில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதால் எந்த ஒரு ஃபிரேமிலும் மதிப்பெண் எழும்பாது. இந்த முறையால் இதைப் பிடிக்க முடியாது, வரம்பை இறக்கினாலும் பலன் இல்லை. பட்டியலில் நீளம் அதிகமாக உள்ள வரிகளைத் தேடி, அந்த இடங்களை மட்டும் வேகமாக ஓட்டிப் பாருங்கள். 58 நிமிடம் 12-வது வினாடியில் கரைதல் முடிகிறது என்றால், மொத்தம் 3,492 வினாடி. அதை 25-ஆல் பெருக்கினால் 87,300. ஃபிரேம் எண்ணிக்கை 1-ல் தொடங்குவதால் ஒன்று கூட்டி, பட்டியலில் உரிய இடத்தில் இப்படி ஒரு வரியைச் சேருங்கள்:

```
0,87301
```

மற்ற பத்திகள் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

இப்போது வெட்டலாம்

```
scenedetect -i kalyanam.mp4 -o clips load-scenes -i thiruthiya.csv split-video save-images -n 5 -m 10
```

`load-scenes` இருப்பதால் மென்பொருள் மறுபடியும் தேடாது, நீங்கள் திருத்திய பட்டியலின்படி வெட்டும். க்ளிப்புகளுக்குப் புதிதாக 001 முதல் எண் விழும். பழைய படங்களின் எண்ணோடு இவை பொருந்தாது என்பதால்தான் படங்களையும் மறுபடி எடுக்கிறோம்.

`split-video` ஒவ்வொரு க்ளிப்பையும் புதிதாக என்கோட் செய்கிறது. நேரம் பிடிக்கும். `--copy` சேர்த்தால் என்கோட் செய்யாமல் அப்படியே நறுக்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் வீடியோக் கோப்பில் முழுப் படமாகச் சேமிக்கப்படுவது சில ஃபிரேம்கள் மட்டுமே. அவற்றைக் கீஃப்ரேம் என்பார்கள். மற்றவை முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். `--copy` கீஃப்ரேமில்தான் வெட்ட முடியும். நீங்கள் சொன்ன இடத்துக்கு முன்னால் உள்ள கீஃப்ரேம் பல வினாடி தள்ளி இருந்தால், க்ளிப் முந்தைய காட்சியின் வாலோடு தொடங்கும். குடும்பத்துக்காக ஒருமுறை செய்யும் வேலைக்குப் பொறுமையாக என்கோட் செய்வதே சரி என்பது என் கருத்து.

ஐந்தில் ஒரு படம்

`-n 1` கொடுத்தால் துண்டின் நட்ட நடு ஃபிரேம் கிடைக்கும். தேடுவதற்கு அது போதும். அடையாளப் படமாக வைத்துக்கொள்ளப் பல நேரம் போதாது. நடு ஃபிரேமில் யாராவது கேமராவுக்குக் குறுக்கே போயிருப்பார், மணப்பெண் கண் மூடியிருப்பார், பிளாஷில் படம் வெளுத்திருக்கும். அதனால் `-n 5` என்று ஐந்து படங்கள் கேட்டோம். முதலும் கடைசியும் துண்டின் விளிம்பில் விழாமல் இருக்க `-m 10` இரு முனைகளிலும் பத்து ஃபிரேம்களை விட்டுவிடுகிறது. கரைந்து மாறும் காட்சிகள் அதிகம் இருந்தால் இதை 30 ஆக்குங்கள், இரண்டு காட்சி கலந்த படம் வராது.

ஐந்தில் நல்லதைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்ன வழி: ஃபோல்டரில் கோப்பின் அளவும் தெரியும்படி வைத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே தரத்தில் சேமித்த ஜேபெக் படங்கள். தெளிவான படத்தில் புடவைச் சரிகை, பூ, முகம் என்று நுணுக்கம் அதிகம் இருப்பதால் கோப்பு பெரிதாக இருக்கும். அசைவில் மங்கிய படமும் பிளாஷில் வெளுத்த படமும் சிறிதாக இருக்கும். ஒரே துண்டின் ஐந்து படங்களுக்குள் மட்டும் இப்படி ஒப்பிடுங்கள். கேசட் தேய்ந்து புள்ளி புள்ளியாக இரைச்சல் உள்ள இடத்தில் இந்த வழி ஏமாற்றும், ஏனென்றால் இரைச்சலும் கோப்பைப் பெரிதாக்கும். அங்கே கண்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். தேர்ந்தெடுத்த படத்துக்கு க்ளிப்பின் எண்ணையே பெயராக வைத்து மற்ற நான்கையும் நீக்கிவிடலாம்.

கடைசியாக, கேசட்டின் தொடக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று என்று மூன்று க்ளிப்புகளைத் திறந்து முதல் ஃபிரேமைப் பாருங்கள். மூன்றும் புதிய காட்சியில் சுத்தமாகத் தொடங்கினால் வேலை சரி. தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் மட்டும் வெட்டு தள்ளி விழுந்தால் ஃபிரேம்கள் சீராக இல்லை, சுத்தப்படுத்தும் படிக்குத் திரும்பிப் போக வேண்டும். எல்லா க்ளிப்பிலும் முதல் ஃபிரேமில் பழைய காட்சியின் நிழல் இருந்தால் இன்டர்லேஸ் நீங்கவில்லை. க்ளிப்புக்குத் தகுந்தபடி சில வினாடி முன்பின்னாக இருந்தால் எங்கோ `--copy` நுழைந்திருக்கிறது. எதுவானாலும் திருத்திய பட்டியலை அழிக்காதீர்கள். `--copy` மட்டும்தான் காரணம் என்றால் அதை எடுத்துவிட்டு அதே பட்டியலால் மறுபடி வெட்டலாம். கோப்பையே மறுபடி சுத்தப்படுத்தினாலும், எந்த வரிகளை அழித்தீர்கள் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் குறிப்பு.